இடக் கன்னத்து நிழல்

மலையிலிருந்து எங்கள் கடைக்கு வரும் படங்கள் ஏறக்குறைய எல்லாமே வெயிலில் எடுத்தவை. ஏலத்தோட்டத்தில் சாப்பாட்டு வேளையிலோ ஜீப்புக்குக் காத்திருக்கும்போதோ யாராவது கைப்பேசியை நீட்டியிருப்பார்கள். மரங்களின் அடியில் நின்றவர் முகத்தில் இலை இடுக்குகளின் வழியே விழுந்த வெளிச்சம் வெள்ளைத் திட்டுகளாகப் படிந்திருக்கும். வெட்டவெளியில் நின்றவருக்குப் புருவத்தின் கீழே இரண்டு கரும்பள்ளங்களும் மூக்கின் கீழே மீசை போன்றொரு பட்டையும் விழுந்திருக்கும். வீட்டில் அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு இது உறுத்துவதில்லை. பழகிய கண் நிழலைத் தானே கழித்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்க்கும். மரப்பலகை அப்படிக் கழித்துக்கொள்ளாது.

போடிநாயக்கனூரில் பஸ் நிலையத்திலிருந்து சற்றே உள்ளே தள்ளி, ஏலக்காய் சேமித்துவைக்கும் கிட்டங்கிகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் கடை. முகங்களை மரப்பலகையில் சுட்டுத் தருவது எங்கள் தொழில். சுடுவது லேசர் எந்திரம். அதை ஓட்டுகிறவர் என் சித்தியின் மகன், எனக்குத் தம்பி. கடையின் பின்கட்டு அவருடையது. முன்கட்டில் கணினியின் முன்னால் நான் இருப்பேன். படம் அப்படியே மரத்துக்குப் போவதில்லை. முகத்தில் இருக்கும் எண்ணற்ற வெளிச்ச வேறுபாடுகளை நான்கே படிகளாகக் குறைத்து, ஒவ்வொரு படியையும் ஒரு நெருக்கத்தில் கோடுகளாக மாற்றுகிறேன். மிகவும் வெளிச்சமான படிக்கு வெறும் மரமே போதும். மிகவும் இருண்ட படிக்குக் கோடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். நன்றாக வந்துவிட்டால், கை நடுங்காத ஒருவர் பேனாவால் வரைந்தது போலிருக்கும்.

கணினிக்கோ எது முகத்தின் வடிவம், எது வெயிலின் வேலை என்று தெரியாது. கன்னத்தின் குழிவும் இருட்டு, கன்னத்தில் விழுந்த தொப்பியின் நிழலும் இருட்டு. இரண்டையும் அது ஒரே படியில் சேர்த்துவிடும். லேசர் அந்த இடத்தைச் சுட்டுச் சுட்டுக் கரியாக்கிவிடும். பார்க்கிறவருக்கு அது நிழலாகத் தோன்றாது. முகத்தில் பள்ளம் விழுந்ததாகவோ காயம் பட்டதாகவோதான் தோன்றும். அதனால்தான் கோடாக மாற்றும் முன்பே முகத்தின் வெளிச்சத்தைச் சமப்படுத்திவிட வேண்டும். எங்கள் கடைப் பேச்சில் இதற்கு நிழல் எடுப்பது என்று பெயர்.

எல்லா நிழலையும் எடுத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும். மூக்கின் பக்கச்சரிவு, கீழுதட்டின் அடி, தாடையின் ஓரம் ஆகியவற்றில் முகம் தன் மேடுபள்ளத்தால் உண்டாக்கிக்கொள்ளும் நிழலுக்கு ஓரம் மென்மையாக இருக்கும். அதைக் காப்பாற்ற வேண்டும். வேறொரு பொருள் வெயிலை மறித்து விழுகிற நிழலுக்கு ஓரம் கத்தியால் கீறியது போலிருக்கும். எடுக்க வேண்டியது அதைத்தான். இதற்குப் பொறுமை வேண்டும். அது மட்டும் எனக்கு உண்டு. நிழல் பாதி எடுத்த நிலையில் முகம் சாம்பல் பூசியது போலக் களையற்றுக் கிடக்கும். ஒருமுறை ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டு அழுதாள். அன்றிலிருந்து வேலை நடக்கும்போது யாரையும் என் மேசைக்கு முன்னால் தொங்கும் துணித்திரைக்குப் பின்னால் விடுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முடிந்த முகத்தைத்தான் காட்டுவேன்.

ஒருநாள் ஒரு பெண் தன் தாயோடு வந்தாள். முப்பதைத் தாண்டியிருக்கும். போடியில் ஒரு கிட்டங்கியில் காய் ரகம் பிரிக்கும் வேலை. தலையிலிருந்து முந்தானை வரை ஏலக்காய் வாசம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை குடும்பத்தோடு குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீட்டில் இருந்தவர்கள். தகப்பனார் தோட்டத்து ஸ்டோரில், அதாவது பச்சைக்காயைச் சூடேற்றி உலர்த்தும் கட்டடத்தில், அடுப்புக்கு விறகு தள்ளி இரவெல்லாம் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டவர்.

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறுபதாங் கல்யாணம் வருதுக்கா. ரெண்டு பேரையும் ஒரே பலகையில போட்டுத் தரணும்" என்றாள்.

"அதுக்கென்ன பாப்பா, அப்பாவையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே. இங்கயே எடுத்துரலாம்."

தாய் குறுக்கே புகுந்தாள். "அந்த மனுசன் எங்க தாயி வர்றாரு? வாதம் வந்து இடக் கை தூக்க முடியல. வாய் கோணிப்போச்சு. போட்டோன்னாலே மொகத்தச் சொவத்துப் பக்கம் திருப்பிக்கிறாரு. கோணவாய வச்சுக்கிட்டு மாலை மாத்தணுமாக்கும்னு ஏசுறாரு. மால மாத்துறது வாயாலயான்னு கேட்டேன், ரெண்டு நாளு பேசல."

மகள் சிரிக்கவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். லயத்து வீட்டு வாசலில் ஒரு சாக்கின் மேல் மெலிந்த ஒருவர் குந்தியிருந்தார். மடியில் தூக்குச்சட்டி. கண்ணை இடுக்கிக்கொண்டு மேல்நோக்கிப் பார்க்கிறார், பாதிச் சிரிப்பு. காலை வெயில் நேர் எதிரிலிருந்து அடித்து அவருடைய வலப்பக்கத்தை வெளுக்கச் செய்திருந்தது. இடக் கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் ஒரு கனத்த கருநிழல். அது அப்படியே கழுத்தில் இறங்கிச் சட்டையின் தோளில் விரிந்து கிடந்தது. படம் எடுத்தவர் சூரியனுக்கும் அவருக்கும் நடுவே நின்றிருக்கிறார். தோளில் விழுந்திருந்த வடிவம் மடக்கிய முழங்கையும் விரல்களும் என்று எளிதாகவே தெரிந்தது.

"எடுத்தது யாரு?"

"நாந்தான்க்கா. வாய் கோணுறதுக்கு முந்தி எடுத்த கடைசிப் படம் இதுதான். மூஞ்சியில கெடக்குறது என் கை நிழலு. அத மட்டும் எடுத்துருங்க. என் கை நிழலு இருக்கவே கூடாது."

"எடுத்துரலாம். எப்ப உடம்புக்கு முடியாமப் போச்சு?"

"அன்னைக்கேதான். மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. மத்தியானந்தான் வந்துச்சு. ஜீப்பு கெடச்சுக் கீழ கொண்டாரவே பொழுது சாஞ்சிருச்சு."

கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறாளே என்று அப்போதே ஒரு கணம் பட்டது. வாடிக்கையாளர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன். தாயைக் கடை வாசலில், நேர்வெயில் படாத மென்மையான வெளிச்சத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். தகப்பனாரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லி, வயர் போட்டுக் கணினியில் மூலப்படத்தையே இறக்கினேன். அனுப்பும்போது படம் சுருங்கும்; இருட்டுக்குள் ஒளிந்திருக்கும் நுணுக்கங்களே முதலில் தொலையும். முகத்தின் அளவு சரிபார்க்க வேறு படம் உண்டா என்று கேட்டபோது, ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த கூட்டுப்படம் ஒன்று கிடைத்தது. அதில் அவர் மூன்றாம் வரிசையில் நின்றிருந்தார். முகம் சுண்டுவிரல் நகத்தளவு.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். இரண்டு முகமும் ஒரே பலகையில் அருகருகே வரப்போவதால் இரண்டிலும் ஒரே மாதிரி வெளிச்சம் இருந்தாக வேண்டும். தாயின் முகத்துக்கு அதிகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. தகப்பனாருக்கு முதலில் வெளுத்த வலக் கன்னத்தை ஓரளவு அடக்கினேன். பிறகு நிழலின் ஓரத்தையொட்டி, மூக்குத்தண்டிலிருந்து தாடை வரை வளைந்து வளைந்து ஒரு எல்லை வரைந்தேன். நிழலின் ஓரம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவே கூர்மையாக அந்த எல்லையும் இருக்க வேண்டும். கூடுதலாக மழுக்கினால் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று மிஞ்சி, நிழல் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பின் எல்லைக்கு உள்ளிருந்த இருட்டைக் கொஞ்சங்கொஞ்சமாக உயர்த்தினேன். வெயில் எட்டாத இடத்தில் வானத்தின் வெளிச்சம் மட்டுமே விழுவதால் உயர்த்திய தோல் நீலம் பாரித்து வரும். பலகைக்கு நிறம் தேவையில்லை என்பதால் அதைக் கழித்துக் கருப்புவெள்ளையாக்கினேன். ஓரத்துக்கு இந்தப் பக்கமிருந்த தோலும் அந்தப் பக்கமிருந்த தோலும் ஒரே அளவுக்கு வந்தபோது, முகம் முழுதாக எழுந்து வந்தது.

வந்த முகத்தில் ஏதோ பிசகியிருந்தது.

மூக்கின் பக்கத்திலிருந்து வாயின் ஓரம்வரை இறங்கும் மடிப்பு எல்லோருக்கும் உண்டு, சிரிக்கும்போது ஆழமாகும். அவருடைய வலப்பக்கத்தில் அது உளியால் கீறியது போல இருந்தது. இடப்பக்கத்தில் இல்லவே இல்லை. நிழல் எடுக்கும்போது அதிகமாக உயர்த்திவிட்டால் இந்த மடிப்புதான் முதலில் கரைந்துபோகும். என் கை மிஞ்சிவிட்டது என்று நினைத்து, செய்ததையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இந்தமுறை இருட்டைப் பாதியளவுக்கே உயர்த்தினேன். அப்போதும் மடிப்பு இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்து நரைமுடிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. தோலின் துளைகள் தெரிந்தன. இவ்வளவு நுண்ணியவை கரையாதபோது அவ்வளவு பெரிய மடிப்பு மட்டும் எப்படிக் கரையும்? வாயின் இட ஓரம் வலத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அந்த ஓரத்தில் ஈரமாக ஏதோ மினுங்கியது. கஞ்சி.

கூட்டுப்படத்தில் இருந்த நகத்தளவு முகத்தை எடுத்துப் பார்த்தேன். சிறியதுதான், ஆனாலும் அதில் இரண்டு பக்கமும் மடிப்பு இருந்தது.

எனக்கு மருத்துவம் தெரியாது. படிக்கும் பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் அட்டைகளையும் விடாமல் படிக்கிறவள் நான். முகம் ஒரு பக்கம் தொங்கினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் தாமதிக்காதே என்று அவற்றில் எழுதியிருக்கும். படத்தின் விவரத்தில் எடுத்த நேரம் பதிவாகியிருந்தது. சூரியன் மலைச்சரிவைத் தொட்டுக் கொஞ்ச நேரமே ஆன காலை. மத்தியானம் வந்ததாகச் சொல்லப்பட்டது காலையிலேயே வந்துவிட்டது. வந்துகொண்டிருந்த நேரத்தில் மகள் கையை உயர்த்திக்கொண்டு அவர் எதிரே நின்றிருக்கிறாள். அவளுடைய கையின் நிழல் சரியாக அந்த இடத்தில் விழுந்து, அதை மூடிவிட்டிருக்கிறது.

பின்கட்டிலிருந்து தம்பி எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ஒரு கன்னத்துக்கு ஒரு நாளா? பொண்ணு பாக்கப் போன மாதிரி பாத்துக்கிட்டே இருக்கீங்க."

"இந்தப் பக்கம் சரியா வரலப்பா."

"வலப் பக்கத்தத் திருப்பி இடப் பக்கம் ஒட்டிருங்க. வெரசா சோலி முடியும்."

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா அது மனுச மூஞ்சியில்ல, முகமூடி."

"விசேச வீட்டுல முகமூடிதானக்கா கேக்குறாங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் அவரிடம் சொல்லவில்லை. அன்று முழுதும் அந்த முகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்வதா? சொன்னால் அவள் என்ன செய்வாள்? போன நேரத்தைத் திருப்ப முடியாது. எப்போது தொடங்கியது என்பதைத்தான் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள்; வைத்தியம் அந்த மணிக்கணக்கைப் பொறுத்தது. அவள் மத்தியானம் என்று சொல்லியிருப்பாள். அந்த வார்த்தையைப் பற்றிக்கொண்டுதான் இத்தனை காலம் அவள் தகப்பனுக்குச் சோறூட்டியிருப்பாள் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அவள் கேட்டது நோய்க்கு முந்திய முகம். அதைக் கொடுப்பதுதான் என் வேலை என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொருத்தமான காரணங்கள்தாம். ஆனாலும் சுட்டியை நகர்த்தும்போது, பிறர் வீட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டு ஓசைப்படாமல் மூடுகிற உணர்ச்சி கையிலேயே இருந்தது.

முகத்தின் பாதியைத் திருப்பி ஒட்டவில்லை. வலப்பக்கத்து மடிப்பையும் வாயோரத்தையும் மட்டும் வெட்டித் திருப்பி, இடப்பக்கத்தின் அளவுக்கு வளைத்துப் பொருத்தினேன். வெளிச்சம் சமமாகிவிட்ட முகத்தில்தான் இது முடியும். இல்லையென்றால் திருப்பிய துண்டில் வெளிச்சம் தவறான பக்கத்திலிருந்து விழும். மடிப்பைச் சற்று மெலிதாக்கினேன். கஞ்சியைத் துடைத்தேன். தோளிலிருந்த கைநிழலையும் எடுத்தேன். பிறகு நான்கு படிகளாக்கிக் கோடாக மாற்றியபோது, இத்தனை ஆண்டுகளில் நான் செய்த முகங்களிலேயே அதுதான் மிகச் சுத்தமாக வந்திருந்தது. ஓரிடத்திலும் கரித்திட்டு இல்லை. கோடுகள் கன்னத்தின் மேட்டைத் தடவிக்கொண்டு இறங்கின. அதைப் பார்த்து எனக்கு வந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மாதிரியைத் தாளில் அச்செடுத்து வைத்துவிட்டு அவளை வரச்சொன்னேன். வேலை முடிந்து சாயங்காலம் தனியாக வந்தாள். தாளை இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். தாயின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

"நல்லாருக்குக்கா" என்றாள். பிறகு, "நிழலுக்குள்ள என்னக்கா இருந்துச்சு?"

"என்ன இருக்கும்? கன்னந்தான்."

"வேற ஒண்ணும் தெரியலையா?"

"ஒண்ணும் தெரியல பாப்பா."

அவள் தாளை மேசைமேல் வைத்தாள். கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து, ஒரு விரலால் ஒளியைக் கடைசிவரை ஏற்றிக்காட்டினாள். படம் வெளிறியது, கருநிழல் சாம்பலானது. சாம்பலுக்குள் தாழ்ந்த வாயோரம் மங்கலாக இருந்தது.

"எனக்கே தெரியுதேக்கா. இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்ல உங்களுக்குத் தெரியலையா?"

நான் மேசைமேல் கிடந்த தாளை நேராக்கி வைத்தேன்.

"தெனம் பாக்குறேன். இது வாய்தானா, இல்ல என் கை நிழலுதான் அப்படிக் காட்டுதான்னு பாக்குறேன். நிழல எடுத்துட்டா தெரிஞ்சிரும்னுதான் உங்ககிட்ட கொண்டாந்தேன். கன்னந்தான் இருந்துச்சுன்னா அன்னைக்கு மத்தியானந்தான் வந்துச்சு. நான் ஆஸ்பத்திரியில சொன்னது நெசம். இல்லன்னா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதை இறக்கிவிட்டுச் சொன்னாள். "ராத்திரி ஸ்டோர்ல முழிச்சிட்டு வந்து கஞ்சி குடிச்சாரு. ஆத்தா, கஞ்சி வாயில நிக்கமாட்டேங்குது, ஒழுகுதுன்னு சொன்னாரு. நான் சிரிச்சேன்க்கா. பச்சப்புள்ள மாதிரி ஒழுக விடுறீங்களேப்பா, இருங்க போட்டோ எடுத்து அம்மாவுக்குக் காட்டுறேன்னு சொன்னேன். அதுக்கு எடுத்த படந்தான் இது."

துணித்திரையை விலக்கி, அவளை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். திருத்திய துண்டுகளை நான் தனித்தனி அடுக்குகளாகத்தான் வைப்பது. எதையும் ஒரேயடியாக அழிப்பதில்லை. மடிப்பின் அடுக்கை அணைத்தேன். வாயோரத்தின் அடுக்கை அணைத்தேன். நிழல் எடுத்த முகம், நான் முதலில் பார்த்தபடியே, நின்றது. சமமான வெளிச்சத்தில், தாழ்ந்த ஓரத்தோடு, கஞ்சித் துளியோடு. அவள் கணினித் திரைக்கு வெகு அருகே போய்ப் பார்த்தாள்.

"வாய்தான்" என்றாள்.

"ஆமா."

"அப்ப நேத்தே உங்களுக்குத் தெரியும்."

"முந்தாநாளே தெரியும் பாப்பா."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நீங்களும் சொல்லமாட்டீங்க, நானும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். ஒரு மனிதரோடாவது இதைச் சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவள் மலையில் எடுத்த அந்தப் படத்தைச் சுமந்து வந்திருக்கிறாள். அவளைத் திரைக்கு வெளியே நிறுத்திவைத்து, அவளுக்கு வேண்டியது இன்னதென்று நானே தீர்மானித்திருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், பலகையில் வாய் நேராகவே இருக்கட்டும், அப்பா விரும்புவது அதுதான் என்றாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"மூஞ்சியில நிழலு வேணாம்க்கா. ஆனா தோள்ல கெடந்தத எடுத்துட்டீங்களே, அதத் திரும்ப வச்சிருங்க."

"கை நிழல் இருக்கவே கூடாதுன்னு சொன்னயே?"

"நான் அங்கதான நின்னேன்" என்றாள்.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "நிழலெடுக்கக் குடுத்துட்டு நிழல் வைக்கச் சொல்றாங்க. அம்மா தோள்ல ஒண்ணுமில்ல, அப்பா தோள்ல மட்டும் கை கெடந்தா பாக்குறவன் பேய்னு நெனப்பான்" என்று முணுமுணுத்தார். சட்டை வெளுப்பாக இருந்ததால் நிழலை இரண்டாம் படியிலேயே நிறுத்த முடிந்தது. கரியாகாமல், மெல்லிய கோடுகளால் ஆன ஒரு முழங்கையாகவும் விரல்களாகவும் அது மரத்தில் இறங்கியது.

பலகையை வாங்க அவளோடு தகப்பனாரும் வந்தார். கடைக்கு வரமாட்டேன் என்றவர், பலகையில் தன் முகம் எப்படி வந்திருக்கிறதென்று பார்க்காமல் விசேஷ வீட்டில் வைக்க விடமாட்டேன் என்று புறப்பட்டுவிட்டாராம். ஆட்டோவிலிருந்து இறக்கி, வலக்கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். துண்டைக் கழுத்தோடு சுற்றி வாயின் இடப்பக்கத்தை மூடியபடியே உட்கார்ந்தார். பேச்சு குழறியது, மெதுவாகக் கேட்டால் புரியும்.

பலகையை அவர் மடியில் வைத்தோம். மனைவியின் முகத்தை முதலில் பார்த்து, "இவ எப்ப இப்படிச் செவந்தா?" என்றார்.

"மரம் செவப்புங்கய்யா" என்றார் தம்பி.

"அதான பாத்தேன்."

பிறகு தன் முகத்துக்கு வந்தார். வலக்கை ஆட்காட்டி விரலால் நெற்றியிலிருந்து தடவிக்கொண்டே இறங்கினார். சுட்ட கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். கன்னத்தில் இறங்கி, வாயின் இட ஓரத்தில், நான் பொருத்திய மடிப்பின் மேல் விரல் நின்றது.

"இது என்னுது இல்ல" என்றார்.

மகள் தலைகுனிந்தாள். "அப்பா..."

"இருக்கட்டும், விசேசத்துக்கு ஆகும்." விரல் மேலும் கீழிறங்கித் தோளுக்குப் போனது. அங்கிருந்த கோடுகளைத் தடவிப் பார்த்து, மகளை நிமிர்ந்து பார்த்தார். துண்டு நழுவியது, அதை அவர் எடுக்கவில்லை. "இது நீதான ஆத்தா. செல்போன ரெண்டு கையிலயும் தூக்கிக்கிட்டு நின்னயே. கஞ்சி ஒழுகுதுன்னு சிரிச்சயே."

அவள் நழுவிய துண்டை எடுத்து மடித்தாள்.

"நீ சிரிச்சயேன்னு நானும் சிரிச்சேன். ஒரு பக்கந்தான் சிரிச்சிருக்கு போல."

அவர் அதைச் சொல்லிவிட்டு உண்மையாகவே சிரித்தார். அப்போதும் ஒரு பக்கந்தான் சிரித்தது. அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, பலகையின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவர் வலக்கை அவள் தலையில் இருந்தது. தம்பி எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் பலகையைச் சுற்றுவதற்கான தாளை எடுக்கிறவளைப் போல மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரையொருவர் நோகடிக்காமலிருக்க இருவரும் அதை இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்தார்கள். அவர்களுடைய மௌனத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒண்ணும் தெரியல என்று நான் சொன்னதற்கு அப்படி எதுவும் இல்லை. ஆட்டோ ஏறும்போது அந்தப் பெண் என்னிடம், "வர்றேன்க்கா" என்றாள், எப்போதும் போல. அவள் மனதில் என்மேல் வருத்தம் ஒன்றுமில்லை என்றே நம்ப விரும்புகிறேன்.

நேரான வாய் கொண்ட அந்த முகம் மிகச் சுத்தமாக வந்திருந்ததால், கடை முகப்பில் மாதிரியாக வைக்க இன்னொரு பலகை சுடலாம் என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார், வேறு ஏதோ சொன்னேன்.

இப்போது என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருக்கிறது. நிழல் எடுக்கத் தொடங்கும் முன்பு படம் கொண்டுவந்தவரை அதில் உட்காரச் சொல்கிறேன். முகம் நடுவில் சாம்பல் பூசியது போல ஆகும், பயப்படாதீங்க என்று முன்பே சொல்லிவிடுகிறேன். சிலர் பஸ்சுக்கு நேரமாச்சு என்று போய்விடுகிறார்கள். சிலர் உட்கார்ந்து, இது அப்பா மாதிரி இல்லை, அத்தை மாதிரி இருக்கு என்று வேலையைக் கெடுக்கிறார்கள். இடம் அடைக்குது, வர்றவங்க காலைத் தட்டுது என்று தம்பி வாரத்துக்கு ஒருமுறையாவது அந்த முக்காலியைப் பின்கட்டில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். நான் போய் எடுத்து வந்து மறுபடியும் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன்.